படங்களோடு பெயர்களையும் இறக்க வேண்டும்

1991இல் காரைநகர் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது பெரும்பாலான வீடுகளின் ஆல்பங்கள் அலுமாரிகளிலேயே நின்றுவிட்டன. பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்குக் கலியாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவை உறவினர்களிடம் இருந்தவைதான்: லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ முன்னமே அனுப்பப்பட்ட ஒன்றிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றைப் பேரப்பிள்ளைகள் ஸ்கான் செய்து கூகுள் போட்டோஸில் ஏற்றினார்கள். ஊரிலிருக்கும் அம்மம்மா கைப்பேசியில் அவற்றைப் பார்த்து, இது யார், எந்தக் கலியாணம், எந்த ஆண்டு என்று சொல்லச் சொல்லத் திகதியைத் திருத்தினார்கள், பெயரை எழுதினார்கள். இப்படித் திரும்பக் கட்டப்பட்ட ஆல்பங்கள் இன்று காரைநகர்க் குடும்பங்கள் பலவற்றில் ஒற்றைக் கணக்கொன்றில் கிடக்கின்றன.

அந்தக் கணக்கிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வழி இருக்கிறது. கூகுள் 2011இலிருந்து டேக்அவுட் என்ற கருவியைத் தருகிறது; takeout.google.com முகவரியில் படங்கள், மின்னஞ்சல், ஆவணங்கள் என்று வேண்டியதைத் தெரிவுசெய்து கேட்டால், சில மணி நேரத்திலோ சில நாளிலோ zip கோப்புகளாகக் கட்டி இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். பலர் அதை இறக்கி, ஒரு படத்தைத் திறந்து பார்த்து, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். படம் வந்துவிடுகிறது என்பது உண்மை. அம்மம்மா சொன்ன பெயரும் ஆண்டும் அந்தப் படத்துக்குள் வருவதில்லை. இதைத்தான் நம் குடும்பங்கள் முதலில் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

காரணம் இது. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரத்தைக் கமராவே எழுதிவிடுகிறது. ஏற்றினாலும் இறக்கினாலும் அது கூடவே வரும். ஸ்கான் செய்த படத்துக்குள் இருப்பது, இருந்தால், ஸ்கான் செய்த நாள். நாம் போட்டோஸில் திருத்திய திகதி படக் கோப்பைத் தொடுவதில்லை. கூகுள் அதைத் தன் பதிவேட்டில் வேறாக வைத்துக்கொள்கிறது. டேக்அவுட் கொடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் json என்று முடியும் சிறு எழுத்துக் கோப்பொன்றை வைத்து அதற்குள் இவற்றைப் போடுகிறது. அச்சுப் படத்தின் பின்புறம் பேனையால் எழுதிய குறிப்பை உரித்தெடுத்துத் தனித் துண்டாகக் கையில் தருவது போன்றது இது. 1968 ஜனவரி 14 என்று நாம் திருத்திய படத்தின் துண்டில் இப்படி இருக்கும்:

```
"description": "பெரியப்பா கலியாணம்",
"photoTakenTime": {
  "timestamp": "-62035200",
  "formatted": "Jan 14, 1968, 12:00:00 AM UTC"
}
```

கணினி 1970 ஜனவரி 1ஐத் தொடக்கமாக வைத்து வினாடிகளை எண்ணுகிறது; அதனால்தான் 1968க்குக் கழித்தல் குறி. எங்கள் பழைய படங்களில் கணிசமானவை அந்தக் கோட்டுக்கு முந்தியவை. json கோப்பிலிருந்து திகதியைப் படத்துக்குள் எழுதித் தரும் கருவிகள் உண்டு; ExifTool இலவசமானது, நம்பத்தக்கது. ஆனால் 1970க்கு முந்திய படங்கள் சரியாக வந்தனவா என்று இரண்டு மூன்றைத் திறந்து பார்க்காமல் முழுத் தொகுதியையும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. முதலில் ஒரு நகலில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். முகங்களுக்குப் பெயரிட்டிருந்தால் அப்பெயர்களும் இதே துண்டில் people என்ற தலைப்பின் கீழ் வரும். இதை அறியாமல், "இந்தக் குப்பைக் கோப்புகள் எதற்கு" என்று json எல்லாவற்றையும் அழித்துவிட்டால், ஆல்பம் பெயரற்ற முகங்களாக மிஞ்சும். கணக்கும் போய், பெயர் சொன்னவரும் இல்லாமற் போனால் அதை யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்த சிக்கல் zip துண்டுகளைப் பற்றியது. 15 ஜிபி இலவசக் கணக்கில் 14 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கோப்பாகக் கேட்டால் வினாடிக்கு 5 மெகாபிட் தரும் இணைப்பில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடையறாமல் ஓட வேண்டும். நடுவில் சிக்னல் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க நேரலாம். 2 ஜிபி அளவைத் தெரிவுசெய்தால் கோப்பொன்றுக்கு ஒரு மணி நேரமும் ஆகாது. மின்னஞ்சலில் வந்த இணைப்பு ஏறத்தாழ ஒரு கிழமைதான் உயிரோடிருக்கும் என்பதால், தீவுப்பகுதி வேகத்தில் சிறு துண்டுகளே பொருத்தம். ஆனால் வெட்டும்போது படம் 003 என்று முடியும் zip கோப்பிலும் அதன் json 005இலும் விழக்கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்புறையில் விரிக்காமல், எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறைக்குள் விரிக்க வேண்டும். எண் வரிசையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தபின், Photos from 2019 போன்ற ஆண்டுக் கோப்புறை ஒன்றில் படங்களையும் json கோப்புகளையும் எண்ணி ஒப்பிட்டால் குறை பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆல்பத்தில் இருக்கும் படம் ஆண்டுக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலும் இரு முறை வருவது பிழையல்ல; அவசரப்பட்டு ஒன்றை அழிக்க வேண்டாம். மற்றவர் பகிர்ந்த ஆல்பத்தில் பார்த்த படங்களோ, தன் சேகரத்தில் சேமித்திராவிட்டால், இதில் வரவே வராது.

மின்னஞ்சல் இதைவிட எளிது. எல்லாம் ஒரே mbox கோப்பாக வரும், தண்டர்பேர்டில் திறக்கலாம். காணி உறுதிகளின் பிரதிகள் சட்டத்தரணிக்கும் பிள்ளைகளுக்கும் இடையே மின்னஞ்சலில் போய்வந்த வீடுகள் ஒன்று செய்யலாம்: அந்த மடல்களுக்கு ‘உறுதி’ என்று ஒரு லேபிளிட்டு, டேக்அவுட்டில் அந்த லேபிளை மட்டும் கேட்டால் சிறிய கோப்பாகக் கையில் கிடைக்கும்.

இவை எல்லாம் கணக்குக்குள் போக முடிந்தால்தான். ஊரிலுள்ள மூத்தவர்களின் கணக்குகள் பல, கைப்பேசி வாங்கிய கடையிலேயே திறந்து கொடுக்கப்பட்டவை. மீட்பு எண்ணாக இருப்பது அன்றைய சிம். பணம் போடாமல் விட்ட எண் கைமாறிப்போகலாம். ரொறன்ரோவிலிருந்து மகள் உள்நுழைய முயன்றால் சரிபார்ப்புக் கேள்வி காரைநகரிலுள்ள கைப்பேசிக்குத்தான் வரும். இரண்டு ஆண்டுகள் எவரும் உள்நுழையாத தனிநபர் கணக்கை, உள்ளடக்கத்தோடு சேர்த்து அழிக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மார்கழித் திருவிழாவுக்கு ஈழத்துச் சிதம்பரம் வரும் பிள்ளைகள், மூத்தவரோடு அமர்ந்து, அவர் சம்மதத்தோடு, மீட்பு எண்ணைப் புதுப்பித்து, செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கலாம். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை மூத்தவரே தெரிவுசெய்யும் காலத்துக்குக் கணக்கு அசையாதிருந்தால், அவர் குறித்தவற்றை இறக்கும் வழி பிள்ளைகளுக்கு மடலில் வரும்.

இங்கே ஒரு சமனின்மை இருக்கிறது. பாரிஸில் இருக்கும் மகன் அழுத்தும் அதே டேக்அவுட் பொத்தானைத்தான் காரைநகரில் அம்மாவும் அழுத்துகிறார். மகனுக்கு அது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 20ஆம் உறுப்புரை 2018இலிருந்து தரும் உரிமை. அம்மாவுக்கு அது கூகுள் விரும்பித் தரும் வசதி. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவைப் பார்வையிடவும், திருத்தவும், அழிக்கக் கேட்கவும் உரிமை வகுக்கிறது. பயன்படுத்தத்தக்க வடிவில் எடுத்துச் செல்லும் உரிமையை அது தனியாக வகுக்கவில்லை. அந்த உரிமை சட்டத்தில் சேர வேண்டும். சேரும்போது, பயனர் திருத்திய திகதியும் எழுதிய குறிப்பும் படக் கோப்புக்குள்ளேயே பதியப்பட்டுத் தரப்பட வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். படத்துக்குள் திகதியையும் தலைப்பையும் எழுதும் பொதுத் தரநிலைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. இலவசக் கருவி ஒன்றுக்கு முடிகிற வேலை அந்த நிறுவனத்துக்கு முடியாததல்ல.