வராத வாடிக்கையாளரை நம்பி வியாபாரம் செய்யலாமா?

பொங்கலுக்கு முன்பு துணிக்கடைகளில் கூட்டம் சேர்வது போல, ஜனவரி பிறந்ததும் உடற்பயிற்சி நிலையங்களில் கூட்டம் சேர்கிறது. அந்தக் கூட்டத்தைப் பிடிக்க அச்சடிக்கும் நோட்டீஸ்கள் எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. "ஆண்டுச் சந்தா பாதி விலை! சேர்க்கைக் கட்டணம் இல்லை! இன்றே கடைசி நாள்!" நம் உறுப்பினர்கள் பலரின் கட்டடங்களில் மாடித் தளத்தை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே முதல் போட்டு நடத்துவதும் உண்டு. ஆகவே இந்த நோட்டீஸைப் பற்றி ஒரு வியாபாரியின் கண்ணோடு பேசுவது பொருத்தமே.

முதலில் நோட்டீஸைப் படிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலை போன்ற இடங்களில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவர் உடற்பயிற்சி நிலையத்தை அறியாதவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற பாதி விலையில் ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டி, ஒன்றரை மாதம் போய், பிறகு நின்றவர். அவருடைய மேசை இழுப்பறையில் பழைய உறுப்பினர் அட்டை இன்னும் கிடக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவரிடம் போய் "ஆண்டுச் சந்தா ஆறாயிரம்தான்" என்றால், இந்தத் தடவை எவ்வளவு நஷ்டம் என்றுதான் அவர் மனம் கணக்குப் போடும். தள்ளுபடி அவருக்கு மலிவாகத் தெரியாது. பழைய தோல்விதான் நினைவுக்கு வரும்.

இது வெறும் ஊகம் அன்று. ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக்கே மால்மென்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் ஏழாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் நான்கு தடவைக்குச் சற்று அதிகமாகத்தான் வந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே நிலையத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். மனிதர் சேரும்போது தம் வருங்கால உற்சாகத்தை அதிகமாக மதிப்பிட்டுவிடுகிறார் என்பதே அவர்கள் கண்டது. முற்றிலும் வருவதை நிறுத்திய பிறகும், கணக்கை முடிக்கச் சராசரியாக இரண்டு மாதத்துக்கும் மேல் தாமதித்தார்கள். அந்த மாதங்களின் பணம் நிலையத்துக்குச் சும்மா வந்த பணம்.

சும்மா வரும் பணம் யாருக்குக் கசக்கும் என்று கேட்கலாம். இங்கேதான் நம் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் எட்டுப் பேர். ஒரு நாளில் நான்கு வகுப்பு. வாரத்தில் ஆறு நாள். மொத்தம் வாரத்துக்கு 192 இடங்கள். பாதி விலை நோட்டீஸைப் பார்த்து 200 பேர் தலைக்கு 6,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தால் ஜனவரியில் 12 லட்சம் ரூபாய் கைக்கு வரும். ஆனால் அந்த 200 பேரும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் 400 இடம் வேண்டும். இருப்பதோ 192. சரக்கு இல்லாமலே ரசீது போட்டாகிவிட்டது என்று பொருள். பாதிப்பேர் வராமல் போனால்தான் கடை நடக்கும். வந்த 12 லட்சமும் வருமானம் அன்று. செய்து கொடுக்க வேண்டிய வேலைக்கு வாங்கிய முன்பணம். அதை மார்ச்சுக்குள் வாடகை முன்பணத்துக்கும் கருவிக்கும் செலவழித்துவிட்டு, ஆகஸ்டில் பயிற்சியாளர் சம்பளத்துக்குத் திண்டாடுவது இத்தொழிலின் வழக்கமான நோய். அப்போது இன்னொரு தள்ளுபடி நோட்டீஸ் அச்சாகும்.

நோட்டீஸில் என்ன எழுத வேண்டும்?

முன்பு நின்றுபோனவர் ஏன் நின்றார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் காரணங்கள் சாதாரணமானவை. மாலை ஆறரை மணி வகுப்பு. ஆறு மணிக்கு மேலதிகாரி கூட்டம் போட்டார். முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்ய வைத்தார்கள்; அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியாமல் தொடை வலித்தது. ஒரு வாரம் விட்டுப்போயிற்று. திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது. அவர் வராததை நிலையத்தில் யாரும் கவனிக்கவும் இல்லை. இந்த நான்குக்கும் நிலையம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று சொல்வதே நல்ல நோட்டீஸ். மேற்சொன்ன எட்டுப் பேர் வகுப்பு நிலையத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"முன்பு சேர்ந்து பாதியில் நின்றவரா? உங்களுக்காகவே இந்த ஆறு வாரத் திட்டம். வாரம் 2 வகுப்பு. ஒவ்வொன்றும் 40 நிமிடம். காலை 6.15, 7.15, இரவு 7.45, 8.45. அலுவலக வேலையால் வர முடியாத வகுப்பை அடுத்த வாரத்துக்குள் வேறு நேரத்தில் ஈடுசெய்யலாம். முதல் வாரம் பயிற்சி வேண்டுமென்றே இலேசாக இருக்கும். தொடர்ந்து இரண்டு வகுப்பு வராவிட்டால் பயிற்சியாளரே தொலைபேசியில் கேட்பார். 12 வகுப்புக்கு வரி உட்பட 3,600 ரூபாய். முதல் 4 வகுப்பு முடிந்ததும் வேண்டாம் என்றால் மீதி 8 வகுப்புக்கான 2,400 ரூபாய் அன்றே திருப்பித் தரப்படும். ஆறு வாரம் முடிந்தால் சந்தா தானாகத் தொடராது. மொத்தம் 80 பேருக்கே இடம்."

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 80 பேர் வாரம் இரண்டு தடவை வந்தால் 160 இடம் போகும். மீதி 32 இடம் விட்டுப்போன வகுப்பை ஈடுசெய்ய வருபவர்களுக்கு. அதனால்தான் 80 என்ற எண். "சில இடங்களே உள்ளன" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இங்கே அது உண்மை. 81-ஆவது ஆள் வந்தால் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த சுற்றுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அன்றைக்கு ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்டால் நோட்டீஸ் முழுவதும் பொய்யாகிவிடும்.

விலையை வரி உட்படச் சொல்வதும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கருவிக்கும் வாடகைக்கும் கட்டிய வரி நம் அடக்கத்தில்தான் சேரும். அதைப் பார்த்தே விலை வைக்க வேண்டும். நோட்டீஸில் ஒரு தொகை, கல்லாவில் ஒரு தொகை என்றால், ஏற்கெனவே ஏமாந்தவர் அங்கேயே திரும்பிவிடுவார்.

எழுதக் கூடாததும் உண்டு. "ஆறு வாரத்தில் பத்துக் கிலோ குறையும்" என்று எழுதக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். "வாரம் இரண்டு நாள் போதும்" என்பதும் அரை உண்மையே. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் வேண்டும். இரண்டு வகுப்பு சேர்ந்து 80 நிமிடம்தான். "மற்ற நாட்களில் நடைப்பயிற்சியும் சேர வேண்டும்" என்று ஒரு வரி போட்டால் நம் வார்த்தைக்கு மதிப்புக் கூடும்.

மறுப்பும் பதிலும்

இதைக் கேட்டு நிலையம் நடத்துபவர்கள் இரண்டு மறுப்புச் சொல்வார்கள். ஆறு வாரத்தில் ஆள் கழன்றுகொள்வார் என்பது ஒன்று. நியாயமான பயம்தான். மேற்சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, தானாகப் புதுப்பிக்கப்படும் மாதச் சந்தாவில் இருந்தவர்கள், ஆண்டுச் சந்தாக்காரர்களைவிட அதிகமாக ஓர் ஆண்டைத் தாண்டியும் நீடித்தார்கள். சோம்பலுக்கும் வருமானம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வருமானம் முதல் தடவை சேர்பவரிடம் கிடைக்கலாம். ஒரு தடவை அதில் சிக்கி நொந்தவரிடம் "தானாகப் பிடித்தம்" என்ற சொல்லே கதவைச் சாத்திவிடும். இந்த நோட்டீஸ் அவருக்கானது.

ஆரம்பத்தில் முதல் வேண்டுமே என்பது இரண்டாவது. ஆறு வாரச் சுற்றில் 60 பேர் மட்டும் சேர்ந்தாலும் 2,16,000 ரூபாய். ஆண்டுக்கு எட்டுச் சுற்று வந்தால் 17,28,000 ரூபாய். பாதி விலைச் சந்தாவின் 12 லட்சத்தைவிட அதிகம். ஆனால் ஒரே நாளில் வராது. சுற்றுக்குச் சுற்று சம்பாதிக்க வேண்டும். முதல் ஆண்டுக் கருவிச் செலவைச் சந்தாவிலிருந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டவருக்கு இந்த முறை ஒத்துவராது. அவர் கருவியைக் குறைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

நோட்டீஸ் பலித்ததா என்பதை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆறாம் வார இறுதியில் வருகைப் பதிவேட்டை எடுத்து, 12 வகுப்பில் 8-க்கு மேல் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். தொலைபேசியில் விசாரிப்பே வராவிட்டால் வகுப்பு நேரமோ விலையோ தவறு. விசாரித்தும் சேராவிட்டால் வார்த்தையில் நம்பிக்கை வரவில்லை. சேர்ந்து மூன்றாம் வாரத்தில் நின்றால் தவறு நோட்டீஸில் இல்லை. சொன்னபடி தொலைபேசியில் கேட்கவில்லை, அல்லது முதல் வாரத்திலேயே கசக்கிப் பிழிந்துவிட்டார்கள். அதைத் திருத்தாமல் நோட்டீஸை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மளிகைக் கடையில் வாங்கிய பருப்பைச் சமைத்துச் சாப்பிட்டவர்தான் அடுத்த மாதமும் வருவார். வாங்கியதை வண்டு பிடிக்கவிட்டவர் வரமாட்டார். உடற்பயிற்சி நிலையத்துக்கும் அதுவே விதி. ஆண்டை விற்காதீர்கள்; ஆறு வாரத்தை விற்று, அதை அவர் முழுதாகப் பயன்படுத்தும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் வாரம் அவர் மறுபடி பணம் கட்டினால் அதுதான் லாபம்.