தீர்மான நோட்டில் தவறு: அழித்து எழுதலாமா?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் இயக்குநர் கூட்டத்தில், கரும்பு பருசீவல் நாற்றை உறுப்பினர்களுக்கு ஒன்று 2 ரூபாய் 10 காசுக்குக் கொடுக்க முடிவானது. தீர்மானப் புத்தகத்தில் 2 ரூபாய் 40 காசு என்று எழுதிவிட்டார்கள். தலைவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதன்படியே பில் போட்டு நாற்றும் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஒரு உறுப்பினர் விலையைக் கேட்டுத் தகராறு செய்கிறார். புத்தகத்தில் அந்த எண்ணை மட்டும் அழித்து 2.10 என்று திருத்திவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– கணக்கு எழுதும் வாசகி, மூங்கில்துறைப்பட்டு

பதில்: கூடாது. அப்படித் திருத்தினால் முதலில் மாட்டிக்கொள்பவர் கணக்கு எழுதும் அந்தப் பெண்தான்.

ஐந்து அடிக்கு இரண்டு அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 4,350 நாற்று பிடிக்கும். போக்கிடம் நிரப்பவும் சேர்த்து 4,500 வாங்குவார்கள். நாற்றுக்கு 30 காசு கூடினால் ஏக்கருக்கு 1,350 ரூபாய். பதினெட்டு ஏக்கருக்கு நாற்று போயிருக்கிறது என்று வாசகி எழுதியிருக்கிறார். அப்படியானால் 81,000 நாற்று. கூடுதலாக வசூலானது 24,300 ரூபாய். இப்போது பில் புத்தகத்தில் எல்லாமே 2.40. தீர்மானப் புத்தகத்திலும் 2.40. இரண்டும் ஒத்துப்போவதால், கணக்கு எழுதியவர் தீர்மானத்தில் இருந்ததைத்தான் வசூலித்தார் என்பது தெளிவு. புத்தகத்தில் மட்டும் 2.10 ஆக்கிவிட்டால், தணிக்கைக்கு வருபவர் கண்ணில் படுவது வேறு: இயக்குநர்கள் 2.10 என்று சொன்னார்கள், இந்தப் பெண் 2.40 வாங்கியிருக்கிறார். 24,300 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார். அவருக்கு இருக்கும் ஒரே காப்பு அந்தத் தவறான வரிதான்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, கூட்டக் குறிப்பைச் சாட்சியாக ஏற்கிறது. குறிப்பில் கைவைத்தது நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறையும், 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெள்ளை மை பூசுவது, பக்கத்தைக் கிழித்து வேறு தாள் ஒட்டுவது, ‘சும்மா ஒரு எண்தானே’ என்று 4-ஐ 1 ஆக்குவது எல்லாம் இதில் அடங்கும். புத்தகத்தில் ஏறிவிட்ட குறிப்பை மாற்ற வேண்டுமானால், அடுத்து நடக்கும் இயக்குநர் கூட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான் முடியும்.

ஆனால் கூட்டம் போடும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். எழுதியது தவறா, எடுத்த முடிவே தவறா? இரண்டும் ஒன்றல்ல. இயக்குநர்கள் அன்று 2.40 என்றே முடிவு செய்துவிட்டு, உறுப்பினர் கோபப்பட்ட பிறகு ‘குறைத்திருக்கலாமோ’ என்று நினைத்தால் அது எழுத்துப் பிழை அல்ல. அதைத் ‘திருத்தம்’ என்று எழுதுவது பொய். அங்கே செய்யக்கூடியது, இன்றைய தேதியில் தள்ளுபடிக்குப் புதிய தீர்மானம் போடுவதுதான்.

எழுத்துப் பிழைதான் என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். நாற்றங்கால்காரர் முதலில் 2.20 கேட்டார், பேசி 1.90-க்கு வந்தார், வண்டி வாடகை நாற்றுக்கு 20 காசு என்பது வாசகி அனுப்பியிருக்கும் விவரம். பழைய விலையோடு வாடகையைக் கூட்டினால் 2.40, புதிய விலையோடு கூட்டினால் 2.10. தவறு எங்கே நுழைந்தது என்பது இதிலேயே தெரிகிறது. பழைய விலைத்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நாற்றங்காலுக்கு 1.90 கணக்கில் பணம் கொடுத்த ரசீதும் இருக்கிறது. அந்த ரசீது மட்டும் போதாது. 1.90-க்கு வாங்கி, கம்பெனிக்கு லாபம் வைத்து 2.40-க்கு விற்க முடிவு செய்திருக்கலாம் அல்லவா? அதனால் கூட்டத்தில் கையால் எழுதிய கச்சாக் குறிப்பு, இயக்குநர்களுக்குக் கூட்டத்துக்கு முன் போன பொருள் தாள் ஆகியவற்றைத் தேடி எடுக்க வேண்டும். அவற்றில் 2.10 இருந்து, அன்று வந்த இயக்குநர்களும் அதையே சொன்னால் சரி. ஒருவர் 2.10 என்றும் இன்னொருவர் 2.40 என்றும் சாதித்தால், தாளிலும் எதுவும் இல்லை என்றால், பழைய குறிப்பில் கைவைக்கக் கூடாது. கருத்து வேறுபாடு இருந்ததை அப்படியே எழுதிவிட்டு, இனி என்ன செய்வது என்று முடிவு செய்யலாம்.

உற்பத்தியாளர் கம்பெனியில் இயக்குநர் கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். அந்த அறிவிப்பிலேயே இந்தத் திருத்தத்தைத் தனிப் பொருளாகக் காட்ட வேண்டும். ‘இதர பொருள்’ என்பதில் ஒளித்துவைக்க வேண்டாம். முந்தைய கூட்டம் நவம்பர் 14, இந்தக் கூட்டம் பிப்ரவரி 13 என்று வைத்துக்கொண்டால், தீர்மானம் இப்படி அமையலாம்:

“நவம்பர் 14 கூட்டக் குறிப்பின் 4-ஆவது பொருளில் நாற்று விலை 2.40 ரூபாய் என்று பதிவாகியுள்ளது. அன்று எடுத்த முடிவு 2.10 ரூபாய். பழைய விலைத்தாளைப் பார்த்து எழுதியதால் பிழை நேர்ந்தது. கச்சாக் குறிப்பும் பொருள் தாளும் பார்வைக்கு வைக்கப்பட்டன. அப்பதிவு 2.10 எனத் திருத்தப்படுகிறது. இத்தீர்மானத்துக்கு முன், 2.40 என்ற பதிவின்படி 81,000 நாற்றுகளுக்குப் பில் போடப்பட்டதையும் இக்கூட்டம் பதிவு செய்கிறது.”

கடைசி வாக்கியத்தை எழுதத் தயங்குவார்கள். அதுதான் முக்கியம். நவம்பரில் கலந்துகொள்ளாத இயக்குநர் இருந்தால், அன்று என்ன பேசினார்கள் என்பதற்கு அவர் சாட்சி சொல்ல வேண்டாம். அவர் அன்று வரவில்லை என்பதைக் குறித்தால் போதும்.

பழைய பக்கத்தில் 2.40 அப்படியே படிக்கும்படி இருக்கட்டும். ஓரத்தில் ‘பிப்ரவரி 13 கூட்டம், பொருள் 3 பார்க்க’ என்று எழுதி, எழுதிய தேதியைப் போட்டுத் தலைவர் சுருக்கொப்பம் இடலாம். நவம்பர் தேதியைப் போடக் கூடாது.

குறிப்பைத் திருத்தியதால் மட்டும் உறுப்பினர் கைக்குப் பணம் வந்துவிடாது. அதற்கு அடுத்த பொருளாக இன்னொரு தீர்மானம் வேண்டும்: யார் யாருக்கு எவ்வளவு, ரொக்கமாகவா, அடுத்த உர பில்லில் கழித்தா, எந்தத் தேதிக்குள். இரண்டு ஏக்கருக்கு 9,000 நாற்று வாங்கியவருக்கு 2,700 ரூபாய் வர வேண்டும். பழைய பில்லைக் கிழித்துப் புதிய பில் போட வேண்டாம். பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு, திருப்பிக் கொடுக்கும் நாளின் தேதியிலேயே வரவுச் சீட்டு எழுத வேண்டும். தகராறு செய்தவருக்கு மட்டும் கொடுத்து வாயை மூடுவதும் நடக்கிறது. பில் பட்டியலைப் பார்த்து, கேட்காதவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் தீர்மானத்தின் நகல் வங்கிக்குக் கடனுக்காகப் போயிருந்தால், திருத்தத் தீர்மானத்தின் நகலையும் ஒரு கடிதத்தோடு அனுப்ப வேண்டும். முதல் நகலைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டாம்; அது வங்கிக் கோப்பிலேயே இருக்கட்டும்.

இது கம்பெனியாகப் பதிவானவற்றுக்கு. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தனிச் சட்டமும் துணை விதியும் உண்டு. அங்கே திருத்தும் முன் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வாசகி இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வாய்மொழியாக அழிக்கச் சொன்னால் என்ன செய்வது? ‘அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்கிறேன்’ என்று எழுத்தில் பதில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், நவம்பர் 14 பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.