படம் என்னும் ஒரு சொல், இரண்டு பொருள்

புதிதாகப் புகைப்படம் கற்பவர்களுக்குச் சமூக ஊடகங்களில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: ‘நல்ல படங்களை நிறையப் பாருங்கள், உங்கள் படத்தை அவற்றோடு ஒப்பிடுங்கள்.’ முற்பாதி சரி. பிற்பாதி தீங்கு விளைவிப்பது. ஏனெனில் அங்கே ஒப்பிடப்படுபவை ஒரே வகைப் பொருள்கள் அல்ல.

லடாக்கின் ஹான்லேயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் மிக இருண்ட வானங்களுள் ஒன்று அங்கே இருக்கிறது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸையும் ஒரு டிரைபாடையும் கொண்டு ஒருவர் பால்வீதியை எடுக்கிறார்: 18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200, முப்பது விநாடி. கிடைப்பது மங்கலான ஒரு வெண்பட்டை, வானமெங்கும் மணல் தூவியதுபோன்ற இரைச்சல், கரிய நிழலாக மலை. கைப்பேசியைத் திறந்தால் அதே மலை நீல ஒளியில் துலங்க, மேலே பால்வீதி பளிங்காய் ஒளிர்கிறது. கேமராவை விற்றுவிடலாம் என்ற எண்ணம் அந்த நொடியில்தான் பிறக்கிறது.

பகிரப்பட்ட அத்தகைய படம் பெரும்பாலும் ஒரே முறை ஷட்டர் திறந்து மூடியதால் கிடைத்ததன்று. அந்தி வெளிச்சத்திலேயே மலை தனியே எடுக்கப்பட்டிருக்கும். வானம் பதினாறு முறை எடுக்கப்பட்டு, விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு அடுக்கிச் சராசரி காணப்பட்டிருக்கும். பதினாறு படங்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இது மோசடி அன்று, முறையான தொழில்நுட்பமே. ஆனால் பதினாறின் சராசரியையும் ஒற்றைப் பதிவையும் ‘படம்’ என்ற ஒரே சொல்லால் அழைத்து, எடுத்த விதத்தைக் குறிப்பிடாமல் விடுவது கற்பவருக்கு இழைக்கும் அநீதி. அவர் தம் திறமைக் குறைவு என்று வருந்துவது உண்மையில் எண்ணிக்கை வேறுபாடு.

அப்படியானால் எதனோடு ஒப்பிடுவது? தம் முந்தைய பதிவோடு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி விண்மீன்களைப் பார்க்கட்டும். அவையெல்லாம் ஒரே போக்கில் சிறு கோடுகளாய் நீண்டிருந்தால், பூமியின் சுழற்சிக்கு முப்பது விநாடி மிகுதி. பதினைந்தாகக் குறைக்க வேண்டும். உப்பிய வட்டங்களாய் இருந்தால் குவியம் தவறியிருக்கிறது. திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையாலேயே திருத்த வேண்டும். நெளிந்த கீற்றுகளாய் இருந்தால் டிரைபாட் அசைந்திருக்கிறது. இரண்டு விநாடி டைமர் போதும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

விண்மீன்கள் புள்ளிகளான பிறகே அடுக்கும் கலையைத் தொடங்க வேண்டும். கோடாய் நீண்ட பதினாறு படங்களை அடுக்கினாலும் கிடைப்பது இரைச்சல் குறைந்த கோடுகளே.

பகிர்வோர் செய்ய வேண்டியது ஒரே வரி: எத்தனை பதிவுகள், எத்தனை விநாடி. அந்த வரி இல்லாத படத்தைக் கண்டு மகிழலாம். அதைக் கொண்டு எவரும் தம்மை அளக்க வேண்டியதில்லை.