'தடயம்' எங்கே போச்சு?

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் பேனருக்கு 'லீவ் நோ ட்ரேஸ்' என்ற வாசகத்தைத் தமிழில் கேட்டாங்க. முதலில் 'எந்தத் தடயமும் விட்டுச் செல்லாதீர்' என்று எழுதினோம். திருடனுக்குச் சொல்ற புத்தி மாதிரி இருந்தது! 'எதையும் விட்டுச் செல்லாதீர்' என்று மாற்றினோம். சமையற்கட்டு அக்கா வாசிச்சிட்டு, "செருப்பு, பையைப் பத்திரமா பார்த்துக்கச் சொல்றீங்களா?" என்றார். பிழையில்லாத தமிழ்தான், ஆனால் குப்பை ஞாபகமே வரலை.

காவடியோடு வர்றவங்க என்ன மனசோட வர்றாங்கன்னு யோசித்த பிறகுதான் இது வந்தது: 'பாரத்தை முருகன்மேல் போடுங்க, குப்பையைத் தொட்டியில் போடுங்க.'

தடயம் என்ற சொல் எங்கேன்னு ஒரு அண்ணன் கேட்டார். இல்லைதான். வந்த இடத்தைச் சுத்தமா விட்டுப் போகணும் என்ற எண்ணம் இருக்கே! பேனர் இப்படியேதான் தொங்கும். பக்கத்துலயே தொட்டி வைக்கிறது எங்க வேலை.