வாசலுக்கு உள்ளே இருப்பவர்க்கே திறக்கும் கதவுகள்: மனிதவள அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மனிதவள அமைச்சர் அவர்களுக்கு,

அலோர் காஜாவிலிருந்து எழுதுகிறேன். பெகோவில் 2003ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகி வருவதையும், ரெம்பியாவிலும் மஸ்ஜித் தானாவிலும் தொழிற்பேட்டைகள் நிலைபெற்றிருப்பதையும், தாபோ நானிங்கில் தங்கள் அமைச்சின் கீழேயே அட்தெக் தொழிற்பயிற்சிக் கழகம் நடைபெறுவதையும் தாங்கள் நன்கறிவீர்கள். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த காலத்திலும், தோட்டங்கள் கைமாறிய காலத்திலும் லயங்களை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல, இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்திலேதான் வசிக்கின்றன. வழக்கமான வழியில் படித்து வழக்கமான வழியில் உத்தியோகத்துக்கு வராத இவர்களைக் கருதிச் சில நல்ல ஏற்பாடுகளை அரசாங்கம் செய்திருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்க்கோ நல்ல சம்பளம் பெறுபவர்க்கோதான் பயன்படுகின்றன என்பதைத் தங்கள் சமுகத்தில் தெரிவிக்கவே இம்மடல்.

பி.பி.தி. என்று வழங்கும் முன்னனுபவ அங்கீகாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் உட்காராமல், செய்த வேலையைச் சான்றுகளால் நிரூபித்து எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் பெறும் வழி அது. காடெக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, தோட்டத்துப் பட்டறையில் டிரெய்லருக்கு வெல்டிங் வைப்பவர் பக்கத்தில் நின்று பார்த்தே அத்தொழிலைக் கற்றுக்கொண்டு, இன்று நாற்பத்தைந்து வயதாகிவிட்ட ஒருவரைத் தாங்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்டவரை எங்கள் வட்டாரத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கு வகுக்கப்பட்ட தர ஆவணத்தை அவர் படித்து, அதில் கண்ட ஒவ்வொரு திறனலகுக்கும் அத்தாட்சி திரட்டி, கோப்பாகச் சமர்ப்பிக்க வேண்டும். முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு, தேதியிட்ட புகைப்படம் ஆகியவையே அத்தாட்சிகள். ஆனால் பட்டறை மூடிக்கிடக்கிறது. கடிதம் தரவேண்டிய மானேஜர் எங்கிருக்கிறாரோ தெரியாது. பெட்டியின் அடியில் கிடைத்த பழைய சம்பளச் சீட்டிலோ ‘பொதுத் தொழிலாளி’ என்றிருக்கிறது. அதன்பின் அவர் செய்தவை வீட்டுக் கேட்டுகளும் சன்னல் கம்பிகளும். கூலி கையில் வாங்கியதால் ரசீது இல்லை. கைப்பேசியில் கேட்டின் படம் இருக்கிறதே தவிர, அதை வெல்டிங் செய்யும் இவருடைய படம் இல்லை. மதிப்பிடும் அதிகாரியை இதில் நான் குறை கூறமாட்டேன். அத்தாட்சியின்றி அவர் கையெழுத்திட ஆரம்பித்தால் அந்தச் சான்றிதழுக்கே மதிப்பில்லாமற் போகும்.

அத்தாட்சி பழைய காகிதத்தில் இல்லையென்றால் அதைப் புதிதாக உண்டாக்கலாமே என்பதுதான் என் விண்ணப்பம். 10 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடுகள் இரண்டை ஓரம் சாய்த்துச் சீவி, செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலாக வெல்டிங் செய்யச் சொன்னால், ஒரு காலைப்பொழுதுக்குள் மனிதர் யார் என்பது தெரிந்துவிடும். வெல்டின் ஓரத்தில் தகடு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா, மேற்பரப்பில் துளைகள் இருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு இணைப்பின் குறுக்காகத் தகட்டைப் பட்டைகளாக அறுத்து, ஒன்றை முகப்புப் பக்கமும் மற்றொன்றை அடிப்பக்கமும் வெளியே வரும்படி அழுத்தத்தில் வளைக்கிறார்கள். உலகெங்கும் வழங்கும் அமெரிக்க வெல்டிங் தரவிதியின்படி, வளைந்த பரப்பில் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளவு தென்பட்டால் தோல்வி. இந்தச் சோதனையில் எவருடைய எஸ்.பி.எம். முடிவும் கேட்கப்படுவதில்லை.

சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் வாதிக்கவில்லை. தானே கற்றவரிடம் சில குறிப்பிட்ட ஓட்டைகள் இருக்கும்: வரைபடம் படிக்க வராது, கையுறையும் கண்ணாடியும் ஆடம்பரம் என்று நினைப்பார், கேட்டுக்குப் பயன்படும் சாதாரணக் குச்சியையே ஆயுள் முழுதும் பிடித்திருப்பவராதலால், உறுதிமிக்க வேலைக்கான குச்சியை அடுப்பில் உலர வைத்தே எடுக்க வேண்டும், ஈரம் வாங்கிய குச்சியால் வெல்டை ஒட்டி உள்ளே விரிசல் விழும் என்பதை அறிந்திருக்கமாட்டார். இவை சில வாரங்களில் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. இருபது ஆண்டில் கை கற்றதைச் சில வாரங்களில் எந்தக் கழகத்தாலும் ஊட்ட முடியாது. மின்கம்பி வேலை போன்றவற்றின் கதை வேறு. அங்கே எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று சட்டத்தின் கட்டளை, அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுவது அபாயம்.

இந்தச் சோதனைக்கும் பயிற்சிக்கும் பணம் எங்கே என்று கேட்கப்படலாம். எச்.ஆர்.டி. கோர்ப்பின் நிதி முதலாளிகள் சம்பளத் தொகையில் செலுத்தும் 1 விழுக்காட்டுத் தீர்வையால் சேர்வதால், அது இயல்பாகவே பெரும்பாலும் அந்த முதலாளிகளின் ஆட்களுக்காகச் செலவாகிறது. தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே நிற்பவர் அதன் கணக்கில் அதிகம் வருவதில்லை.

அடுத்தது, குடும்பத்துக்காக வேலையை விட்டு மீண்டும் திரும்ப விரும்பும் பெண்களின் விஷயம். இரண்டாண்டுக்குக் குறையாமல் விலகியிருந்து திரும்புபவருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. 2018ஆம் ஆண்டு முதல் அமலில் இருக்கும் சலுகை அது. குழந்தை பிறந்தபோது வேலையை விட்டு, இப்போது மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்துக்குத் தொழிற்சாலைக் கணக்குப் பகுதியில் மறுபடி சேரும் ஒரு தாயாருக்கு இதனால் என்ன லாபம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி. தனிநபர் கழிவையும் சேமநிதிக் கழிவையும் நீக்கினால் எஞ்சுவது ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதற்குரிய வரி 42 வெள்ளிக்கும் குறைவு. குறைந்த வருமானத்தாருக்குரிய 400 வெள்ளித் தள்ளுபடியில் அதுவும் மறைந்துபோகிறது. செலுத்தவே தேவையில்லாத வரியிலிருந்து அந்த அம்மையாருக்கு நாம் விலக்கு அளிக்கிறோம்! அவருடைய உண்மையான தடை பிள்ளை பள்ளிவிட்டு வரும் நேரம். வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமையை 2023 முதல் வேலைச் சட்டத்தின் 60பி பிரிவு தருகிறது, முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 60கியூ பிரிவு விதிக்கிறது. ஆயினும் கேட்கத் தக்கவர் தொழிலாளி, விண்ணப்பதாரர் அல்லர். முதலில் முழுநேர ஷிப்டுக்குச் சம்மதித்துச் சேர்ந்துவிட்டு, பிறகு மனுக் கொடு என்பதே இதன் பொருளாகிறது; யோசிக்கிற தாய் முதற்படியிலேயே நின்றுவிடுகிறாள்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது பெரிய திட்டமொன்றுமல்ல. தாபோ நானிங் பட்டறைகள் மாணவரின்றி ஓய்ந்திருக்கும் சனிக்கிழமைகளில், முதலாளியின் கடிதம் கேட்காமல், அடையாளக் கார்டை மட்டும் பார்த்து, இத்தகைய செய்முறைச் சோதனையை நடத்தச் செய்யுங்கள். அதன் முடிவைப் பி.பி.தி. கோப்பில் முதல்தர அத்தாட்சியாக ஏற்கும்படி திறன் மேம்பாட்டுத் துறைக்கு உத்தரவிடுங்கள். சொக்சோவின் வேலைத் தளத்தில் காலியிடம் பதியும் ஸ்தாபனம், எஸ்.பி.எம். கேட்குமானால் அந்த வேலையின் எந்தப் பகுதிக்கு அது தேவை என்பதையும், பெண்களுக்கு எந்த ஷிப்டு நேரம் மாற்றித் தர இயலும் என்பதையும் விளம்பரத்திலேயே எழுதும்படி செய்யுங்கள். சோதனை நாளை அந்தத் தளத்தில் மட்டும் அறிவித்தால் எங்கள் வெல்டருக்கு எட்டாது; கோயில் அறிவிப்புப் பலகையிலும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும், வெல்டிங் குச்சி விற்கும் இரும்புக் கடையிலும் தமிழில் ஒட்டினால் எட்டும். குச்சியும் தகடும் கொண்டுவர வேண்டுமா என்பதையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

இங்ஙனம்,
அலோர் காஜாவாசி ஒருவன்