முதல் பதிலுக்கு யார் பொறுப்பு?

புல் ரிக்வெஸ்ட் ரிவ்யூவுக்கு இனி வாரம் ஒருவர் என்று முறை வைக்கப்போவதாக அறிவிக்கும் செய்தி, பெரும்பாலான அணிகளில் நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. "அடுத்த திங்கள் முதல் ரிவ்யூவுக்கு முறை வைக்கிறோம். பட்டியல் கீழே இருக்கிறது. எல்லோரும் ஒத்துழைக்கவும்." பெயர்களும் தேதிகளும் சரியாக இருக்கும். ஆனால் முறையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. வருகிற எல்லாவற்றையும் அவரே படித்து அப்ரூவ் செய்ய வேண்டுமா? படிக்கத் தகுந்த ஆளைத் தேடிக் கொடுத்தால் போதுமா? அவர் முறையில் இருக்கும் வாரத்தில் மற்றவர்களுக்கு விடுமுறையா? இவற்றைச் சொல்லாமல் விட்டால், முதல் வாரக்காரர் தமக்குத் தோன்றிய மாதிரி ஒரு வழக்கத்தை உண்டாக்குவார், இரண்டாம் வாரக்காரர் வேறொன்றை உண்டாக்குவார். ஒரு சுற்று முடிவதற்குள் அணியின் ரிவ்யூ பழையபடி இரண்டு மூத்தவர்களின் தோளில் போய் விழும். முறை வைத்துப் பங்கிட வேண்டியது முதல் பதிலைத்தான் என்பதே எங்கள் வாதம். ரிவ்யூ முழுவதையும் ஒருவர் தலையில் கட்டினால் அது நியாயமாகவும் இருக்காது, நல்ல ரிவ்யூவாகவும் இருக்காது. அறிவிப்புச் செய்தி இதை வெளிப்படையாகவே எழுத வேண்டும்.

புல் ரிக்வெஸ்ட் தேங்குவதற்குச் சோம்பல் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; நடப்பது வேறு. அணி முழுவதையும் ரிவ்யூவராகப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒரு கோரிக்கையை ஆறு பேரும் பார்க்கிறார்கள். வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்று ஆறு பேருமே நினைக்கிறார்கள். பார்ப்பவர்கள் கூடக்கூடத் தனி ஒருவரின் பொறுப்புணர்வு குறையும் என்பதை ஜான் டார்லியும் பிப் லடானேயும் 1968-இல் சோதனை வழியாகவே காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது அவசர உதவியை. ஆனால் பொறுப்பு பலர் மீது பரவும்போது யாரிடமும் தங்காமல் போவது நம் வேலையிலும் தினமும் நடக்கிறது. இதற்கு மருந்து ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் செய்ய வேண்டியது எவ்வளவு என்பதற்கு, கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டி நல்ல அளவுகோல் தருகிறது: பதில் சொல்ல அதிகபட்சம் ஒரு வேலைநாள். கெடு பதிலுக்குத்தான், ரிவ்யூவை முடிப்பதற்கு அன்று. "பார்த்தேன், நாளை காலை முழுதாகப் படிக்கிறேன்" என்பதும் பதில். "இது பில்லிங் பகுதி, அதைத் தெரிந்தவரிடம் கொடுத்திருக்கிறேன்" என்பதும் பதில். அனுப்பியவருக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது, தன் வேலை ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுதான்.

நியாயம் என்ற சொல்லைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் கொண்ட ஓர் அணி, வாரத்துக்கு 30 புல் ரிக்வெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 25 சிறியவை, சராசரி 40 வரி. மீதி ஐந்து பெரியவை, சராசரி 400 வரி. சிஸ்கோ நிறுவனத்தில் ஸ்மார்ட்பேர் நடத்தி 2006-இல் வெளிவந்த ஆய்வு, ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிக்கு மேல் படித்தாலும், மணிக்கு 500 வரியைத் தாண்டிப் படித்தாலும் பிழைகள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்றது. மணிக்கு 300 வரி என்று நிதானமாக எடுத்துக்கொண்டால், 25 சிறியவற்றுக்கும் சேர்த்து மூன்றரை மணிநேரத்துக்குள் ஆகும். ஐந்து பெரியவற்றுக்கு மட்டும் ஏழு மணிநேரத்தை நெருங்கும். அதாவது எண்ணிக்கையில் ஆறில் ஒரு பங்காக இருப்பவை சுமையில் மூன்றில் இரண்டு பங்கு. "ஆளுக்கு ஐந்து" என்று பிரித்தால் ஒருவருக்கு முக்கால் மணிக்குள் முடியும், இன்னொருவருக்கு ஒரு நாள் போகும். வாரத்தைச் சமமாகப் பிரிப்பதிலும் இதே கோளாறு உண்டு. ரிலீசுக்கு முந்தைய வாரமும் பொங்கல் வாரமும் பட்டியலில் ஒரே அளவுதான்.

முறையை முதல் பதிலோடு நிறுத்தினால் இந்தக் கணக்கு சீராகிறது. சிறியவற்றை முறைக்காரரே படித்து முடிக்கிறார். பெரியவற்றுக்கு அவர் செய்வது வேறு: விளக்கம் இருக்கிறதா, டெஸ்ட் இருக்கிறதா, இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று பார்ப்பார். பிரிக்க முடிந்தால் திருப்பி அனுப்புவார். முடியாவிட்டால் அந்தப் பகுதியை அறிந்த ஒருவரிடம் பேசி நேரம் குறித்துக் கொடுப்பார். அப்போது அவருடைய வாரத்தில் ரிவ்யூவுக்குப் போவது, இரண்டாம் சுற்றுப் படிப்பையும் உரையாடலையும் சேர்த்து, ஒரு நாள் அளவு. அந்த ஒரு நாளை ஸ்பிரிண்ட் திட்டத்தில் அவர் பங்கிலிருந்து கழித்தே ஆக வேண்டும். இதைச் செய்யாத முறைப்பட்டியல், மாலை ஆறு மணிக்கு மேல் ரிவ்யூ செய்யுங்கள் என்று சொல்லும் பட்டியல்தான். கழிக்கிறோம் என்ற வாக்கியம் செய்தியிலேயே இருக்கட்டும், அதுவும் ஸ்பிரிண்ட் திட்டமிடும் மேலாளரின் பெயரோடு.

செய்தியில் எழுதவேண்டிய இன்னொன்று வெள்ளிக்கிழமை மாலையில் என்ன ஆகும் என்பது. வாரமுறை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புதன்கிழமை தொடங்கிய ரிவ்யூவில் பன்னிரண்டு கமென்ட் போட்டாயிற்று, அனுப்பியவர் வெள்ளி மாலை திருத்திவிட்டுக் காத்திருக்கிறார். திங்களன்று புதியவர் வந்து முதலிலிருந்து படித்தால் பழையவர் சரி என்று விட்டதை இவர் தவறு என்பார், அனுப்பியவர் நொந்துபோவார். ஆகவே தொட்டதை முடிக்கும் வரை தொட்டவருக்கே என்றும், யாரும் தொடாதது மட்டும் புதியவருக்கு என்றும் விதி வைப்பது நல்லது. செய்தியில் இதற்கு இரண்டு வரி போதும்: "நீங்கள் கமென்ட் போட்ட புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆகும்வரை உங்களுடையது, உங்கள் வாரம் முடிந்தாலும். திங்கள் காலை 10 மணிக்கு யாரும் தொடாமல் இருப்பவை அந்த வாரக்காரருக்கு." தொடாதவை எவை என்பதை கிட்ஹப் பயன்படுத்துவோர் ஒரே கட்டளையில், பழையது முதலில் வரும்படி, பார்த்துவிடலாம்:

```
gh pr list --search "review:none draft:false sort:created-asc"
```

வாரம் என்ற அளவையும் இந்தக் கைமாற்றத்தை வைத்தே தீர்மானிக்கலாம். ஒரு ரிவ்யூ இரண்டு மூன்று சுற்று போகும். நாள்முறை வைத்தால் எல்லாமே பாதியில் கைமாறும். மாதமுறை வைத்தால் முறைக்காரரின் சொந்த வேலை ஒரு மாதம் தடுமாறும்.

இந்த ஏற்பாட்டுக்கு வரும் மறுப்புகளில் ஆழமானது, அறிவைப் பற்றியது: முறைக்காரருக்குத் தெரியாத கோட் பகுதியை அவர் எப்படிப் பார்ப்பார்? ஆல்பெர்டோ பக்கெல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் மைக்ரோசாஃப்ட் அணிகளை ஆராய்ந்து 2013-இல் எழுதிய கட்டுரை இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கிறது. பிழை கண்டுபிடிப்பதே ரிவ்யூவின் நோக்கம் என்று பலரும் சொன்னாலும் உண்மையில் கமென்டுகளில் பிழை பற்றியவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும், ரிவ்யூவில் பெரிய தடை மாற்றத்தைப் புரிந்துகொள்வதே என்றும் அவர்கள் கண்டார்கள். புரியாதவர் படித்தால் பெயரிடலையும் இடைவெளியையும் பற்றித்தான் பேசுவார். அதனால்தான் அப்ரூவலை முறைக்காரரிடம் கட்டாமல் விட வேண்டும் என்கிறோம். CODEOWNERS கோப்பில் பகுதிக்கு உரியவர்கள் யார் என்று எழுதியிருந்தால் அவர்களின் அப்ரூவல் அப்படியே தொடரட்டும். அதே கட்டுரை, அறிவு பரவுவதும் ரிவ்யூ தரும் பயன்களில் ஒன்று என்கிறது. பில்லிங் பகுதியை ஒருபோதும் தொடாதவர் தன் வாரத்தில் அதன் விளக்கத்தைப் படித்து ஒரு கேள்வி கேட்டாலே, அந்தப் பகுதியை அறிந்தவர் ஒருவர் மட்டும் என்ற நிலை மெல்லத் தளரத் தொடங்கும்.

கிட்ஹப்பே ஆள் ஒதுக்கித் தருகிறதே, செய்தியும் பட்டியலும் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அணி அமைப்புகளில் அந்த வசதி இருப்பது உண்மைதான். ஒரு வகை வரிசையாகச் சுற்றிவரும். இன்னொரு வகை, கையில் நிலுவையில் உள்ளவற்றைப் பார்த்து, 30 நாள் அளவில் எல்லோருக்கும் சம எண்ணிக்கை வரும்படி கொடுக்கும். பெரிய அணிக்கு இது உதவும். ஆனால் அது எண்ணுவது கோரிக்கைகளை; மேலே பார்த்த 40 வரியும் 400 வரியும் அதற்கு ஒன்றுதான். அதைவிட முக்கியம், அது குறுக்கீட்டை எல்லோருடைய எல்லா நாளுக்கும் பரப்புகிறது. வாரமுறையில் ஒருவருடைய கவனம் சிதறும், ஐந்து பேர் நிம்மதியாக எழுதலாம். அடுத்த முறை எப்போது என்பது ஐந்து வாரம் முன்னதாகவே தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்தால்தான் விடுப்புக்கு இருவர் தமக்குள் வாரத்தை மாற்றிக்கொள்ள முடியும். மாற்றிக்கொண்டதைப் பின் செய்துவைத்த அந்த ஒரே அறிவிப்புச் செய்தியில் திருத்த வேண்டும். தனிப் பேச்சில் மாறியது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது மறுப்பை எங்களால் முழுதாகத் தள்ள முடியவில்லை. முறை வைத்ததும், இதுவரை தாமாக ரிவ்யூ செய்து வந்தவர்கள் கையை எடுத்துவிடலாம். "இது என் வாரம் இல்லை" என்ற பேச்சு வந்துவிட்டால், முன்பு மூவர் பார்த்ததை இப்போது ஒருவர் பார்ப்பார். "முறைக்காரர் முதல் பதிலுக்குப் பொறுப்பு, யாரும் எதையும் ரிவ்யூ செய்யலாம், யாரிடமும் பெயர் சொல்லிக் கேட்கலாம்" என்று செய்தியில் எழுதுவது ஓரளவு தடுக்கும். முழுதும் தடுக்குமா என்பதை முதல் சுற்று முடிந்த பிறகு எண்ணித்தான் பார்க்க வேண்டும்: முறைக்காரர் அல்லாதவர்கள் போட்ட கமென்டுகள் முன்பைவிடக் குறைந்தனவா என்று.

அந்த முதல் சுற்றின் முடிவில் இன்னும் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று, பெரிய புல் ரிக்வெஸ்டுகள் கமென்டே இல்லாமல் சில நிமிடங்களில் அப்ரூவ் ஆகின்றனவா, குறிப்பாக வெள்ளி பிற்பகலில். 600 வரியை ஐந்து நிமிடத்தில் யாராலும் படிக்க முடியாது. அப்படி நடந்தால் முறைக்காரர் மீது கோபப்படுவதற்கு முன், அவருடைய ஸ்பிரிண்ட் பங்கிலிருந்து அந்த ஒரு நாள் உண்மையில் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது: கண்டிப்பானவரின் வாரத்தில் வரவு குறைந்து, அடுத்த வாரம் திங்களன்று ஒரே நாளில் ஏழெட்டு வந்து குவிகிறதா? கோரிக்கை திறந்த தேதியையும் திறப்பதற்கு முன் செய்த கடைசி கமிட்டின் தேதியையும் ஒப்பிட்டால், முடிந்த வேலை எத்தனை நாள் காத்துக்கிடந்தது என்பது தெரிந்துவிடும். அப்படிக் காத்துக்கிடந்தால் பட்டியலை மாற்றிப் பயனில்லை. எது அப்ரூவலைத் தடுக்கும், எது வெறும் யோசனை என்பதில் அந்த அணி இன்னும் உடன்படவில்லை என்பதே அதன் பொருள். அதைத்தான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று பேர் மட்டும் உள்ள அணிக்கு இந்த ஏற்பாடு எதுவுமே வேண்டியதில்லை. அங்கே காலைக் கூட்டத்தில் "இதை யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாலே பெயர் வந்துவிடும்.