'மெல்லக் கற்போர்' யார்?

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை, மாலையில் வீட்டருகிலேயே தன்னார்வலர் வழியாக ஈடுகட்டுவதுதான் திட்டம். நாங்கள் வேலை செய்யும் ஓர் ஊரில் அந்த வகுப்பு கோயில் மண்டபத்தில் நடந்தது. சேரிப் பிள்ளைகள் அந்தப் படியேற முடியாது. பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினார்கள். பள்ளியில் 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்தார்கள்.

நாங்கள் சேரித் தெருவிலேயே உட்கார்ந்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடப்புத்தகத்தைத் தடங்கலின்றிப் படித்தான். அத்தனையும் மனப்பாடம். புத்தகத்தை மூடிவிட்டு, சிலேட்டில் 'கொடி மேலே போனது' என்று எழுதிக் காட்டினோம். 'காடி' என்றான். 'க' தெரிகிறது, துணைக்கால் தெரிகிறது; முன்னால் நிற்கும் கொம்பையும் சேர்த்துப் படிக்கத் தெரியவில்லை. முதல் வகுப்பில் கற்றிருக்க வேண்டியது அது. கொம்பு வரும் எழுத்துகளை மட்டும் தினமும் அரைமணி நேரம் பழக்கினோம். மூன்று வாரத்தில் புது வாக்கியத்தைத் தானே படித்தான்.

இதில் மெல்லக் கற்றது யார், பிள்ளையா, பள்ளியா?

ஆகவே கேட்கிறோம்: மாலை வகுப்பைச் சேரியில் நடத்துங்கள். சேரியில் படித்த பெண்களையே தன்னார்வலராக்குங்கள். வகுப்பைப் பார்த்துப் பிரிக்காமல், பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புத்தகத்தில் இல்லாத வாக்கியத்தைக் கொடுத்துச் சோதியுங்கள். மண்டபத்தில் வகுப்பை வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் காட்டாதீர்கள்.